உலக வரைபடத்தில் பச்சை டிக்: அது எதற்குச் சாட்சி?

இணையதளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். டொமைன் கணக்கில் நுழைந்து பழைய ஐபி முகவரியை அழித்துப் புதியதை எழுதிச் சேமிக்கிறார்கள். பிறகு உலக வரைபடம் காட்டும் ஒரு சோதனைத் தளத்தைத் திறக்கிறார்கள். அந்தத் தளம் பல நாடுகளிலுள்ள பொது ரிசால்வர்களிடம் அந்த டொமைனின் முகவரியைக் கேட்டு, புதிய பதில் வந்த ஊருக்குப் பச்சை டிக்கும் பழைய பதில் வந்த ஊருக்குச் சிவப்புக் குறியும் போடுகிறது. டோக்கியோ பச்சை, சாவ் பாலோ சிவப்பு, மும்பை பச்சை. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் மும்பை சிவப்பாகியிருக்கிறது. பார்ப்பவருக்குப் பதற்றம் வருகிறது. மாற்றியதைத் திரும்ப மாற்றுகிறார், அல்லது நம்பிக்கையில்லாமல் இன்னொரு ரெக்கார்டையும் சேர்க்கிறார். உண்மையான பழுது பல நேரங்களில் அங்கேதான் தொடங்குகிறது. மாற்றம் சரியாக நடந்ததா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டிய இடம் அந்த வரைபடம் இல்லை, அந்த டொமைனின் அதிகாரப்பூர்வ நேம்சர்வர். வரைபடம் சொல்வது வேறொரு கேள்விக்கான பதில். அந்தப் பதிலையும் பெரும்பாலும் கணக்குப் போட்டே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

ஒரு ரெக்கார்டை மாற்றியதும் அது யாருக்கும் அனுப்பி வைக்கப்படுவதில்லை. 1980களில் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த நாளிலிருந்து டி.என்.எஸ். இப்படித்தான் இயங்குகிறது. ஒரு டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் அதிகாரப்பூர்வ நேம்சர்வர்கள் யாராவது கேட்டால் பதில் சொல்லும், தாமாகப் போய் எந்த ரிசால்வரிடமும் சொல்லாது. கேட்கிற வேலை ரிசால்வருடையது. உங்கள் இணைய சேவை நிறுவனம் ஒரு ரிசால்வர் வைத்திருக்கும், கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்9-இன் 9.9.9.9 ஆகியவை யாரும் பயன்படுத்தக்கூடிய பொது ரிசால்வர்கள். ரிசால்வர் ஒருமுறை கேட்டு வாங்கிய பதிலைக் கேஷில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்தப் பதிலோடு வரும் டிடிஎல் என்ற எண், விநாடிக் கணக்கில் சொல்கிறது. அந்த விநாடிகள் தீரும்வரை ரிசால்வர் மறுபடி கேட்காது. ஆகவே உலகமெங்கும் புதிய முகவரி போய்ச் சேரக் காத்திருக்கிறோம் என்று நினைப்பது சரியில்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் பழைய நகல்கள் தனித்தனியே காலாவதியாவதற்குத்தான் காத்திருக்கிறோம்.

ஒரு மாற்றத்தை நேரத்தோடு பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். www.example.com என்ற பெயரின் பழைய முகவரி 192.0.2.10, புதியது 203.0.113.20 என்று வைத்துக்கொள்வோம். பழைய ரெக்கார்டின் டிடிஎல் 14400 விநாடி, அதாவது நான்கு மணி நேரம். காலை 10 மணிக்கு முகவரியை மாற்றுகிறோம், கூடவே டிடிஎல்லையும் 300 ஆகக் குறைக்கிறோம். இப்படிச் சேர்த்துக் குறைப்பதால் இந்த மாற்றத்துக்கு ஒரு பயனும் இல்லை. ஏற்கெனவே பழைய பதிலை வாங்கி வைத்திருப்பவர்களின் நகலில் 14400 என்றுதானே எழுதியிருக்கிறது. முன்தினமே குறைத்திருந்தால்தான் பலன் கிடைத்திருக்கும். சரி, இப்போது முதல் வேலையாக, நேம்சர்வரையே நேராகக் கேட்கிறோம்.

```
dig @ns1.example.net www.example.com A +norecurse

;; flags: qr aa; QUERY: 1, ANSWER: 1
www.example.com.  300  IN  A  203.0.113.20
```

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. புதிய முகவரி வந்திருக்கிறது. டிடிஎல் 300 என்று முழுதாக நிற்கிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த எண் குறையாது. எல்லாவற்றையும்விட முக்கியம் `aa` என்ற குறி. இது யாரிடமோ கேட்டு வைத்துக்கொண்ட நகல் இல்லை, இந்த டொமைனுக்குப் பொறுப்பான இடமே தரும் பதில் என்பதற்கு அதுதான் அடையாளம். இதே கேள்வியை எல்லா நேம்சர்வர்களிடமும் கேட்டு எல்லாம் ஒன்றுபோல் பதில் சொன்னால், நம் பக்கம் செய்ய வேண்டியது முடிந்தது. பழைய பதிலை 9:59-க்கு வாங்கிய ரிசால்வர்கூட அதை 1:59 வரைதான் வைத்திருக்க முடியும். பிற்பகல் 2 மணி என்ற விடை எந்த வரைபடமும் இல்லாமலே வந்துவிட்டது.

அதே நாள் 11:30-க்கு ஒரு பொது ரிசால்வரிடம் சில நொடி இடைவெளியில் மூன்று முறை கேட்டால் இப்படி வரலாம்.

```
www.example.com.  8127  IN  A  192.0.2.10
www.example.com.   300  IN  A  203.0.113.20
www.example.com.  6044  IN  A  192.0.2.10
```

ஒரே முகவரியில் கேட்டும் பழையது, புதியது, மீண்டும் பழையது என்று பதில் மாறுகிறது. பெரிய பொது ரிசால்வரின் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் பல ஊர்களில் ஏராளமான கணினிகள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே கேஷைப் பகிர்ந்துகொள்வதில்லை. கேள்வி எந்தக் கணினிக்குப் போகிறதோ அதன் கேஷில் இருப்பதுதான் பதிலாக வரும். வரைபடத்தில் மும்பை பச்சையிலிருந்து சிவப்புக்குத் திரும்பியதற்குக் காரணம் இதுதான். எதுவும் பின்வாங்கவில்லை, இரண்டாவது கேள்வி வேறொரு கேஷுக்குப் போனது. முப்பது ஊர்களின் டிக்கைப் பார்த்து உலகமே மாறிவிட்டது என்று நினைப்பவர், உண்மையில் எண்ணற்ற கேஷ்களில் முப்பதைத்தான் அந்த ஒரு நொடியில் பார்த்திருக்கிறார். அவருடைய வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் செல்பேசி நிறுவனத்தின் ரிசால்வர் அந்த முப்பதில் இருக்கிறதா என்றும் தெரியாது. அத்தகைய ரிசால்வர்கள் தம் சந்தாதாரர்களுக்கு மட்டுமே பதில் சொல்வது வழக்கம் என்பதால், வெளியிலிருந்து கேட்கும் சோதனைத் தளத்துக்கு அவை எட்டுவது அரிது.

ஆனால் மேலே உள்ள மூன்று வரிகளில் நிறத்தைவிடப் பயனுள்ள ஒன்று இருக்கிறது: மிச்சமிருக்கும் விநாடி. மாற்றம் நடந்து ஒன்றரை மணி நேரம், அதாவது 5400 விநாடி ஆகிவிட்டது. எனவே பத்து மணிக்கு முன் வாங்கப்பட்ட எந்தப் பழைய நகலிலும் இப்போது 9000 விநாடிக்கு மேல் மிச்சம் இருக்க முடியாது. 8127, 6044 இரண்டும் அதற்குள் அடங்குகின்றன. அவை நியாயமான பழைய நகல்கள், கவலைப்பட வேண்டாம். இதே இடத்தில் 192.0.2.10 என்ற பழைய முகவரி 13120 விநாடி மிச்சத்தோடு வந்திருந்தால் கதையே வேறு. 14400-இல் 1280 விநாடிதான் கழிந்திருக்கிறது. அப்படியானால் அந்த ரிசால்வர் பழைய முகவரியை 11:08 வாக்கில் வாங்கியிருக்கிறது. பத்து மணிக்கே மாற்றிய பிறகு, பதினொரு மணி தாண்டியபோதும் யாரோ பழைய பதிலைக் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு காத்திருந்தாலும் இது தானாகச் சரியாகும் என்று நம்ப முடியாது. வரைபடமோ இரண்டு நிலைமைக்கும் ஒரே சிவப்பைத்தான் போடும். காத்திருந்தால் போதும் என்ற நிலையையும் உடனே கை வைக்க வேண்டிய நிலையையும் அது பிரித்துக் காட்டாது.

அந்த 'யாரோ' பெரும்பாலும் இரண்டாவது நேம்சர்வர். ஒரு டொமைனுக்குக் குறைந்தது இரண்டு நேம்சர்வர்கள் இருக்கும். சொந்தமாக நடத்துகிற இடங்களில் ஒன்றில் மாற்றினால் மற்றது அதைப் பார்த்து நகலெடுத்துக்கொள்ளும். ஜோனின் வரிசை எண் கூடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அது நகலெடுக்கும். கோப்பைக் கையால் திருத்தியவர் வரிசை எண்ணைக் கூட்ட மறந்தாலோ, இடையிலுள்ள ஃபயர்வால் நகல் பரிமாற்றத்தை மறித்தாலோ, இரண்டாவது நேம்சர்வர் பழைய முகவரியையே `aa` குறியோடு சொல்லிக்கொண்டிருக்கும். உலகிலுள்ள ரிசால்வர்களில் ஒரு பகுதி ஒவ்வொரு முறையும் அதனிடம் போய்ப் பழையதைப் புத்தம் புதிதாக வாங்கி வரும். `dig +nssearch example.com` என்ற ஒரே கட்டளை எல்லா நேம்சர்வர்களின் வரிசை எண்ணையும் அடுத்தடுத்துக் காட்டிவிடும். ஆனால் எண்ணைக் கூட்ட மறந்த இடத்தில் இரண்டு எண்ணும் ஒன்றாகவே தெரியும். சில கிளவுட் சேவைகள் அந்த எண்ணை மாற்றுவதே இல்லை. அதனால் எண்ணோடு நிற்காமல் ரெக்கார்டையும் ஒவ்வொரு நேம்சர்வரிடமும் கேட்டுவிடுவது நல்லது. 'அதிகாரப்பூர்வ நேம்சர்வரைக் கேட்டேன்' என்று ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவது, கேட்காததைப் போலத்தான்.

வரைபடச் சோதனை உதவாததோடு நில்லாமல் கெடுதலும் செய்யும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. app.example.com என்ற புதிய பெயரை உருவாக்கப்போகிறோம். இன்னும் சேர்க்கவில்லை, ஆனால் ஆர்வத்தில் காலை 10 மணிக்கே சோதனைத் தளத்தில் ஒருமுறை தட்டிவிடுகிறோம். அந்தத் தளம் கேட்ட முப்பது ரிசால்வர்களும் அந்தப் பெயரைத் தேடி, அப்படி ஒன்று இல்லை என்று அறிந்து, NXDOMAIN என்று சொல்கின்றன. 'இல்லை' என்ற பதிலையும் ரிசால்வர்கள் கேஷில் வைத்துக்கொள்ளும். 1998-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2308 அதற்கு விதி வகுத்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்பது ஜோனின் எஸ்.ஓ.ஏ. ரெக்கார்டைப் பொறுத்தது, அதன் கடைசி எண், அந்த ரெக்கார்டின் சொந்த டிடிஎல் இரண்டில் எது சிறியதோ அது. அது 3600 என்றால், 10:05-க்குப் பெயரைச் சேர்த்தாலும் அந்த ரிசால்வர்கள் 11 மணி வரை 'இல்லை' என்றே சொல்லும். கேட்கப்படாத ரிசால்வர்களில் அந்தப் பெயர் முதல் கேள்விக்கே சரியாகக் கிடைத்துவிடும். சோதித்த இடங்களில் மட்டும் சிவப்பு; அந்தச் சிவப்பை உண்டாக்கியதே அந்தச் சோதனைதான். 8.8.8.8 போன்ற ரிசால்வரை லட்சக்கணக்கானோர் பயன்படுத்துவதால் அந்த ஒரு மணி நேரத் தடை நம்மோடு நிற்பதும் இல்லை. அதிகாரப்பூர்வ நேம்சர்வரை நேராகக் கேட்டால் எந்த ரிசால்வரின் கேஷிலும் எதுவும் பதிவாகாது. எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

இயந்திரங்கள் இந்த முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டன. லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பிடம் டி.என்.எஸ். வழியாகச் சான்றிதழ் வாங்கும்போது, `_acme-challenge` என்று தொடங்கும் பெயரில் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டைப் போட்டு, டொமைன் நம் கையில் இருப்பதை நிரூபிக்க வேண்டும். அந்த அமைப்பு இதைச் சரிபார்க்க 8.8.8.8-ஐக் கேட்பதில்லை. தன் சொந்த ரிசால்வர்களை வைத்து, டொமைனின் அதிகாரப்பூர்வ நேம்சர்வர் வரை தானே போய்ப் பார்க்கிறது. 2020 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து பார்க்கிறது. சான்றிதழ் வாங்கித் தரும் லெகோ போன்ற மென்பொருள்களும், ரெக்கார்டைப் போட்டபின் இயல்பாக அந்த டொமைனின் நேம்சர்வர்களையே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் 'இப்போது சரிபாருங்கள்' என்று சொல்கின்றன. அந்த இடத்தில் வரைபடம் முழுவதும் பச்சையாகும் வரை காத்திருப்பது வீண் தாமதம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் நேரடியானது: பயனர்கள் யாரும் அதிகாரப்பூர்வ நேம்சர்வரைக் கேட்பதில்லை, ரிசால்வரைத்தான் கேட்கிறார்கள், அப்படியிருக்க ரிசால்வர் சொல்வதுதானே உண்மை? பயனருக்கு அது உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் பழைய நகலை வைத்திருக்கும் ரிசால்வரைப் பார்த்து நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. கூகுளும் கிளவுட்ஃபிளேரும் தங்கள் ரிசால்வரின் கேஷிலிருந்து ஒரு பெயரை நீக்க வசதி வைத்திருக்கின்றன, அவசரத்துக்கு அது உதவும். மற்ற ஆயிரக்கணக்கான ரிசால்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை. ஒருவேளை எல்லா ரிசால்வர்களையும் பார்க்க முடிந்தாலும் தெரியப்போவது, முன்பே கணக்கிட்ட பிற்பகல் இரண்டு மணிக்குள் அவை மாறுகின்றனவா என்பதுதான். கணக்கோடு ஒத்துப்போகாத ரிசால்வரைத் தேடித்தான் அங்கே போக வேண்டும்.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. அதற்குச் சான்றாக ஒரு பெரிய நிகழ்வே இருக்கிறது. 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனம் slack.com டொமைனுக்கு டி.என்.எஸ்.செக் கையொப்பத்தைச் செயல்படுத்தியது. கையொப்பம் இருக்கிறது என்று அறிவிக்கும் டி.எஸ். ரெக்கார்டு, மேலேயுள்ள .com நேம்சர்வர்களில் இடப்பட்டது. சிக்கல் தெரிந்ததும் அதை நீக்கினார்கள், கையொப்பத்தையும் நிறுத்தினார்கள். அந்தக் கணத்தில் slack.com-இன் நேம்சர்வரைக் கேட்டால் முகவரி சரியாக வரும்; .com நேம்சர்வரைக் கேட்டால் டி.எஸ். இல்லை என்று வரும். இரண்டு இடத்திலும் குறை இல்லை. ஆனால் டி.எஸ். ரெக்கார்டின் டிடிஎல் 24 மணி நேரம். அதைக் கேஷில் வைத்திருந்த ரிசால்வர்கள் கையொப்பத்தை எதிர்பார்த்தன, அது இல்லாததால் பதிலையே நிராகரித்து SERVFAIL என்றன. கேஷை நீக்கும்படி ரிசால்வர் நடத்துவோரிடம் கேட்க வேண்டியதாயிற்று. அதிகாரப்பூர்வ நேம்சர்வர் கையொப்பத்தைத் தரும், சரிபார்க்காது. சரிபார்ப்பது ரிசால்வரின் வேலை. ஆகவே கையொப்பத்தைத் தொடுகிற எந்த மாற்றத்துக்கும், சரிபார்க்கும் ரிசால்வர் இரண்டையாவது கேட்டே தீர வேண்டும். இந்த வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். அதே நேரம், இங்கும் எத்தனை நாட்டில் சிவப்பு என்ற எண்ணிக்கை காரணத்தைச் சொல்லவில்லை. 86400 என்ற ஒரு டிடிஎல்தான் சொன்னது, அதை டி.எஸ். ரெக்கார்டை இடுவதற்கு முன்பே, கையொப்பமுள்ள வேறொரு டொமைனைப் பற்றி .com நேம்சர்வரிடம் கேட்டுப் படித்திருக்க முடியும்.

நேம்சர்வரையே மாற்றும்போது, அதாவது டொமைனை ஒரு டி.என்.எஸ். நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது, எது அதிகாரப்பூர்வம் என்பதே குழப்பமாகிவிடும். பழைய நிறுவனத்தின் நேம்சர்வரும் தன்னிடம் ஜோன் இருக்கும்வரை `aa` குறியோடு பதில் சொல்லும், புதியதும் சொல்லும். யார் பொறுப்பு என்று தீர்மானிப்பது மேலே உள்ள .com தான்.

```
dig @a.gtld-servers.net example.com NS +norecurse
```

இதில் வரும் பட்டியலில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலின் டிடிஎல் 172800, சரியாக 48 மணி நேரம். '24 முதல் 48 மணி நேரம் ஆகும்' என்று எல்லா வாடிக்கையாளர் சேவை மையங்களும் சொல்லும் வாசகத்துக்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் அடிப்படை உண்டு. 2004 வரை .com பட்டியலே ஒரு நாளில் இருமுறைதான் புதுப்பிக்கப்பட்டது. இப்போது சில நிமிடங்களில் ஆகிவிடுகிறது. ஒரு சாதாரண முகவரி மாற்றத்துக்கு அந்த வாசகத்தைச் சொல்வது, டிடிஎல்லைப் பார்க்காமல் சொல்வதுதான். நேம்சர்வர் மாற்றத்திலோ பழைய நிறுவனத்தின் ஜோனைக் குறைந்தது இரண்டு நாள் அழிக்காமல், புதியதில் உள்ள அதே விவரங்களோடு வைத்திருக்க வேண்டும். அதிலுள்ள நேம்சர்வர் பட்டியலிலும் புதிய பெயர்களையே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் சில ரிசால்வர்கள் பழைய நேம்சர்வரிடமே அதன் பட்டியலைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும்.

நேராகக் கேட்பதிலும் ஏமாற இடம் உண்டு. சில இணைய சேவை நிறுவனங்களும் அலுவலக ஃபயர்வால்களும் 53-ஆம் போர்ட்டில் போகும் எல்லாக் கேள்விகளையும் வழியில் பிடித்துத் தங்கள் ரிசால்வருக்குத் திருப்பிவிடுகின்றன. ns1-ஐக் கேட்டதாக நாம் நினைப்போம், பதில் சொன்னது வேறு யாரோ. `aa` குறி இல்லாததும், கேட்கக் கேட்க டிடிஎல் குறைந்துகொண்டே வருவதும் அதைக் காட்டிக்கொடுக்கும். உடனே வேறு இணைப்பிலிருந்து கேட்டுப் பார்க்க வேண்டும். பெரிய டி.என்.எஸ். நிறுவனங்களின் நேம்சர்வரும் ஒரே முகவரியில் பல ஊர்களில் இயங்குவதால், நம் கேள்வி அவற்றில் நமக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றுக்கே போகும். அமேசானின் ரூட் 53 போன்ற சேவையில் மாற்றம் எல்லா நேம்சர்வர்களுக்கும் போய்விட்டதா என்பதை PENDING, INSYNC என்று அந்தச் சேவையே சொல்கிறது, அதைப் பார்த்துவிடலாம். பயனர் இருக்கும் நாட்டைப் பொறுத்து வேறு வேறு முகவரி தரும்படி அமைத்திருந்தால், வரைபடத் தளத்துக்கு நல்ல பயன் இருக்கிறது: எந்த நாட்டுக்கு எந்தப் பதில் போகிறது என்று ஒரே பார்வையில் காணலாம். அங்கே பதில்கள் வேறுபடுவதுதான் சரி. எல்லாம் ஒன்றாக வந்தால்தான் கோளாறு.

பழைய சர்வரை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. பிற்பகல் 2 மணி என்பது டிடிஎல்லை மதிக்கிற ரிசால்வர்களுக்கான கணக்கு. டிடிஎல்லைத் தம் விருப்பத்துக்கு நீட்டும் ரிசால்வர்கள் உண்டு. தொடங்கியபோது வாங்கிய முகவரியை மூடும்வரை விடாத செயலிகளும் உண்டு. அவற்றை வரைபடமும் காட்டாது, அதிகாரப்பூர்வ நேம்சர்வரும் காட்டாது. பழைய சர்வரின் அணுகல் பதிவு மட்டுமே காட்டும். 192.0.2.10-இல் இன்னும் யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள், மணிக்கு எத்தனை பேர், அவர்கள் உண்மையான பயனர்களா, பழைய முகவரியையே சுற்றிவரும் தேடுபொறி ரோபோக்களா என்று அந்தப் பதிவில் வரிவரியாக இருக்கும். இரண்டு மணிக்குப் பிறகும் மனிதப் பயனர்கள் வந்துகொண்டிருந்தால், வரும் கோரிக்கைகளைப் புதிய சர்வருக்குக் கடத்திவிடும்படி பழைய சர்வரை அமைத்து இன்னும் சில நாள் ஓட விடலாம். வருகை ரோபோக்களோடு நின்றுவிட்டால் அணைத்துவிடலாம்.